மார்ச் 31 நெல் இருப்பும் பார்ட்டி பாக்கிக் கடிதங்களும்: புது ஆடிட்டர் கேட்பதற்கு எப்படித் தயாராவது?

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 9

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறேன். நான்கு வருடமாகப் பிரைவேட் லிமிடெட். இதுவரை இருந்த ஆடிட்டர், டேலி பேக்கப்பும் பேங்க் ஸ்டேட்மென்டும் வாங்கிக்கொண்டு செப்டம்பரில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். இந்த வருடம் புது ஆடிட்டர். அவர் அனுப்பிய பட்டியலில் மூன்று விஷயம் எனக்குப் புரியவில்லை.

ஒன்று, அரிசி வாங்குகிற 14 பார்ட்டிகளின் பெயரை அவரே டிக் செய்து, மார்ச் 31 பாக்கிக்கு உறுதிக் கடிதம் வேண்டும் என்கிறார். பதில் நேராக அவர் ஆபீசுக்குத்தான் போக வேண்டுமாம். இரண்டு, மார்ச் 31 அன்று நெல் எண்ணிய தாள் கேட்கிறார். எங்களிடம் இருப்பது சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டுதான். மூன்று, பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 312 டன், டேலியில் 246 டன், ஏன் என்கிறார். எனக்கே தெரியவில்லை. முதலாளியிடம் கேட்டால் "பேங்குக்கு எப்போதும் அப்படித்தான் கொடுப்போம்" என்று சொல்லிவிட்டு உரம் வாங்கப் போய்விட்டார்.

இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

உரக்கடை பாபநாசம் – ஜூன் 9

வியாபாரம் 1 கோடிக்குக் கீழே இருந்தால் ஆடிட்டே வேண்டாமேம்மா. என் கடைக்கு நான் பண்ணுவதில்லை. எனக்கு வேறு பிரச்சினை. கம்பெனிக்காரன் கொடுக்க வேண்டிய டிஸ்கவுண்ட் கிரெடிட் நோட்டு மார்ச் தேதி போட்டு மே மாதம் வருகிறது. அதை எந்த வருடத்தில் எழுதுவது? யாராவது சொல்லுங்களேன்.

குடந்தை தணிக்கை – ஜூன் 9

உரக்கடை சார், நீங்கள் சொல்வது உங்களைப் போன்ற தனிநபர் வியாபாரத்துக்கான வருமான வரி ஆடிட். அவர்கள் பிரைவேட் லிமிடெட். வியாபாரம் ஒரு ரூபாயாக இருந்தாலும் கம்பெனிச் சட்டப்படி வருடா வருடம் ஆடிட் உண்டு. உங்கள் கிரெடிட் நோட்டை, மார்ச் வரை விற்றதற்கான சலுகை என்று உறுதியாகத் தெரிந்தால் மார்ச்சிலேயே வரவேண்டியதாகக் காட்டலாம். மேற்கொண்டு வேண்டுமானால் தனி இழை போடுங்கள்.

கேட்டவருக்கு: நான் கும்பகோணத்தில் ஒரு ஆடிட் ஆபீசில் 26 வருடமாக இருக்கிறேன். சி.ஏ. அல்ல, கோப்பு தயார் செய்கிற ஆள். உங்கள் ஆடிட்டர் கேட்டது எதுவும் அதிகப்படி இல்லை. முன்பு இருந்தவர் கேட்காததுதான் ஆச்சரியம்.

கடிதத்திலிருந்து ஆரம்பியுங்கள், பதில் வர நாளாகும். உங்கள் லெட்டர்ஹெட்டில், டைரக்டர் கையெழுத்தோடு, "மார்ச் 31 அன்று எங்கள் கணக்கில் உங்கள் பாக்கி இவ்வளவு, உங்கள் கணக்கோடு பார்த்து ஒத்துப்போகிறதா இல்லையா என்று நேராக எங்கள் ஆடிட்டருக்கு எழுதுங்கள்" என்று இருக்க வேண்டும். ஆடிட்டரின் முகவரியும் மெயிலும் அதிலேயே போட வேண்டும். தபாலில் போடுவதும் அவர் ஆபீசாகத்தான் இருக்கும். நீங்கள் தயார் செய்து கொடுத்தால் போதும். ஒவ்வொரு கடிதத்தோடும் அந்தப் பார்ட்டியின் ஏப்ரல் முதல் மார்ச் வரை லெட்ஜர் நகலை வையுங்கள். வெறும் தொகையை மட்டும் எழுதினால் எதிர்ப்பக்கத்துக் கணக்கர் கடிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்.

டெல்டா வரி ஆலோசகர் – ஜூன் 10

இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம். நானே பல கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பார்ட்டி கடைக்கு ஆள் அனுப்பி சீல் வைத்து வாங்கி வந்து கோப்பில் வையுங்கள். யாராவது பதில் தரவில்லை என்றால், "15 நாளில் பதில் இல்லையென்றால் பாக்கி சரி என்று எடுத்துக்கொள்வோம்" என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிந்தது. சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு.

குடந்தை தணிக்கை – ஜூன் 10

அந்த மாதிரிக் கடிதம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஒத்துப்போகாவிட்டால் மட்டும் எழுதுங்கள் என்று கேட்பது. ஆனால் சின்னச் சின்ன பாக்கியாக நிறைய பேர் இருந்து, தப்பு வர வாய்ப்பும் குறைவு என்னும் இடத்தில்தான் அது எடுபடும். 14 பேரிடம் லட்சக்கணக்கில் நிற்கும்போது மௌனத்தைச் சம்மதமாக எந்த ஆடிட்டரும் எடுக்கமாட்டார். கடிதத்தைப் பிரித்தே பார்க்காதவரும் மௌனமாகத்தான் இருப்பார்.

சீல் வைத்து நீங்களே வாங்கி வருவதும் அப்படித்தான். இந்தப் பெண் வாங்கி வருவதில் சந்தேகம் என்று பொருள் இல்லை. கம்பெனியின் கை படாமல் வந்தால்தான் அது வெளிச்சாட்சி. தணிக்கை நெறி எஸ்.ஏ. 505 வற்புறுத்துவதே அதைத்தான். ஆள் அனுப்பி ஞாபகப்படுத்தலாம், "சார், பதில் போட்டுவிடுங்கள்" என்று போன் பண்ணலாம். தாளை மட்டும் நீங்கள் தொடாதீர்கள்.

பதிலே வராதவர்களுக்கு ஆடிட்டர் வேறு வழி பார்ப்பார். மார்ச் 31 பாக்கியில் எவ்வளவு ஏப்ரல், மே மாதங்களில் பேங்கில் வந்து விழுந்தது, எந்த பில்லுக்கு வந்தது என்று கேட்பார். வராத பாக்கிக்கு பில், லாரி ரசீது, எடைமேடைச் சீட்டு கேட்பார். உங்கள் அரிசி 26 கிலோ பை என்று நினைக்கிறேன். அதற்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் இ-வே பில்லும் இருக்காது. ஆகவே எடைமேடைச் சீட்டை வீசிவிடாமல் பில்லோடு சேர்த்து வைத்திருந்தால் தப்பித்தீர்கள்.

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 10

26 கிலோ பைதான் சார். சீட்டெல்லாம் வாட்ச்மேன் அறையில் ஒரு சாக்கில் இருக்கிறது.

மாயவரம் பாய்லர் – ஜூன் 10

அந்தச் சாக்கை முதலில் எடுத்து வீட்டுக்குள் வைம்மா. எங்கள் மில்லில் எலி ஒரு வருட ஆடிட்டையே தின்றுவிட்டது.

நெல் விஷயத்துக்கு வருகிறேன். பேங்க் ஸ்டேட்மென்டில் அரசாங்க நெல்லும் சேர்ந்திருக்கும், பார். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை செய்கிறீர்களா?

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 11

செய்கிறோம் சார். பார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான். மார்ச் 31 அன்று கொள்முதல் நிலையத்திலிருந்து வந்த 40 கிலோ மூட்டை 1,500 எங்கள் குடோனில் கிடந்திருக்கிறது. அது 60 டன். முதலாளி மொத்தமாக எண்ணி பேங்குக்குக் கொடுத்துவிட்டார் போல. அப்படியும் 6 டன் இடிக்கிறது.

குடந்தை தணிக்கை – ஜூன் 11

அந்த 6 டன் காய்ச்சலாக இருக்கலாம். சம்பா நெல்லை எவ்வளவு ஈரத்தில் வாங்கினீர்கள், எவ்வளவுக்குக் காயவைத்தீர்கள் என்று பாருங்கள்.

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 11

பிப்ரவரியில் வாங்கிய 172 டன் 17 சதவீத ஈரம். களத்தில் காயவைத்து 14-க்கு இறக்கியிருக்கிறோம். டேலியில் நான் காய்ச்சல் கழித்து எழுதியிருக்கிறேன். பேங்க் தாளில் வாங்கிய எடையே போயிருக்கிறது.

குடந்தை தணிக்கை – ஜூன் 11

அப்படியென்றால் கணக்கு தீர்ந்தது. ஈரம் 17-லிருந்து 14-க்கு வந்தால் எடை 3 சதவீதம் குறையும் என்று பலர் நினைப்பார்கள். குறைவது அதைவிடக் கொஞ்சம் கூட. 3-ஐ 86-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய மூன்றரை சதவீதம். 172 டன்னுக்கு 6 டன். 246, 60, 6 மூன்றும் கூட்டினால் 312.

வித்தியாசம் ஏன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பேங்குக்குக் கொடுத்தது தப்பான தாள் என்பது அப்படியே நிற்கிறது. நெல் கிலோ 24 ரூபாய் என்று வைத்தால் 66 டன் 15,84,000. அதில் 14,40,000 உங்களுடையதே அல்லாத அரசாங்க நெல். அதைக் காட்டி நீங்கள் கேஷ் கிரெடிட்டில் எடுக்கும் வரம்பு கூடியிருக்கிறது. இப்போது இருக்கிற நிதிநிலை அறிக்கை வடிவத்தில் இதற்கென்றே ஒரு குறிப்பு போட வேண்டும். சரக்கை ஈடு காட்டிக் கடன் வாங்கியிருந்தால், பேங்குக்குக் கொடுத்த காலாண்டு விவரம் கணக்கோடு ஒத்துப்போகிறதா, இல்லையென்றால் எங்கே வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். உங்கள் ஆடிட்டர் இதைக் கேட்டதற்குக் காரணம் அதுதான். ஜூன், செப்டம்பர், டிசம்பர் தாள்களையும் கேட்பார், எடுத்து வையுங்கள்.

டெல்டா வரி ஆலோசகர் – ஜூன் 11

பழைய தேதி போட்டுத் திருத்திய ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஒன்றை பேங்கில் கொடுத்து சீல் வாங்கிவிடுங்கள். மேனேஜர் தெரிந்தவராக இருந்தால் ஐந்து நிமிட வேலை.

குடந்தை தணிக்கை – ஜூன் 11

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அசல் தாள் பேங்க் கோப்பில் இருக்கும், மெயிலில் இருக்கும். இன்றைய தேதியிலேயே "மார்ச் 31 அறிக்கையில் அரவைக்கு வந்த நெல் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, திருத்திய விவரம் இது" என்று டைரக்டர் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். வித்தியாசத்தைக் குறிப்பில் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அரசாங்க நெல்லுக்கும் ஒரு உறுதிக் கடிதம் போகும். மார்ச் 31 அன்று உங்களிடம் அரவைக்கு நின்ற மூட்டை எத்தனை என்று கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கு. உங்கள் நெல் அதிகமாகத் தெரிவதற்காக அவர்கள் நெல்லைக் கலந்து எண்ணவில்லை என்பதற்கு அது சாட்சி. புழுங்கலுக்கு 68, பச்சைக்கு 67 சதவீதம் அரிசி அவர்களுக்குத் திருப்ப வேண்டும் இல்லையா, அந்த அரவைப் பதிவேட்டையும் கூடவே கொடுங்கள்.

மாயவரம் பாய்லர் – ஜூன் 12

மண்டல ஆபீசிலிருந்து பதில் வாங்குவதற்குள் குறுவை அறுப்பு வந்துவிடும்.

மார்ச்சில் எண்ணாததை இப்போது எப்படி எண்ணுவது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஆடிட்டர் ஒருமுறை ஜூலையில் வந்து எண்ணச் சொன்னார். அன்றைக்கு இருப்பது, அதோடு ஏப்ரல் முதல் அரைத்ததைக் கூட்டு, வாங்கியதைக் கழி, மார்ச் 31 வந்துவிடும் என்றார். கேட்க சுலபமாக இருந்தது. அரவைப் பதிவேடு சரியில்லாததால் மூன்று நாள் இழுத்தது. அப்புறம் இன்னொன்று, அட்டி நடுவில் குழி விட்டு அடுக்கியிருந்தால் வெளியிலிருந்து பார்த்து நீளம், அகலம், உயரம் பெருக்கக்கூடாது. மேலே ஏறிப் பார்க்கச் சொல்.

குடந்தை தணிக்கை – ஜூன் 12

பாய்லர் அண்ணன் சொன்னதுதான் வழி. எண்ணுவது உங்கள் ஆட்கள், ஆடிட்டரின் ஆள் நின்று பார்ப்பார், சிலவற்றை அவரே மறுபடி எண்ணுவார். அன்று லோடு ஏற்றுவதையும் அரவையையும் நிறுத்திவிடுங்கள். அரசாங்க அட்டிகளில் பலகை மாட்டிப் பிரித்து வையுங்கள். நீங்கள் மூட்டை எடையை நினைவிலிருந்து எழுதாமல், சில மூட்டைகளைத் தராசில் போட்டுச் சராசரி எடுங்கள்.

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 20

எல்லோருக்கும் நன்றி. நேற்று எண்ணி முடித்தோம். ஆனால் புதுச் சிக்கல்.

சொந்த நெல் 2,000 மூட்டை. 60 கிலோ மூட்டை என்று போட்டால் 120 டன். ஏப்ரலிலிருந்து அரைத்தது 206 டன், வாங்கியது 80 டன். கூட்டிக் கழித்தால் 246, டேலியோடு அச்சாகப் பொருந்தியது. எனக்கு ஒரே சந்தோஷம். வந்திருந்த ஆடிட்டர் ஆபீஸ் தம்பி விடவில்லை. இருபது மூட்டையைத் தராசில் போடச் சொன்னார். சராசரி 59 கிலோதான். ஆகவே இருப்பு 118, மார்ச் 31-க்குப் பின்னோக்கிப் போனால் 244. இரண்டு டன் குறைகிறது, 48,000 ரூபாய்.

அந்தத் தம்பி சொன்னது: "அச்சாகப் பொருந்தினால்தான் அக்கா எங்களுக்கு பயமே. 60 என்பது உங்கள் டேலியிலும் இருக்கிறது, எண்ணிய தாளிலும் இருக்கிறது, அதனால் பொருந்துகிறது."

இந்த இரண்டு டன் மார்ச்சுக்கு முன்பே காய்ந்ததா, சித்திரை வெயிலில் காய்ந்ததா? எந்த வருடச் செலவு?

மாயவரம் பாய்லர் – ஜூன் 20

சித்திரை வெயில்தான். நாகப்பட்டினம் உப்பளத்தைவிட உங்கள் களம் அப்போது காய்ந்திருக்கும்.

குடந்தை தணிக்கை – ஜூன் 20

அண்ணன் சொல்வது நடந்திருக்கலாம், ஆனால் காட்ட முடியாது. மார்ச் கடைசியில் ஈரமானியில் பார்த்த குறிப்பு ஏதாவது இருந்தால் பேசலாம். அப்போதே 14 இருந்து இப்போது 12-க்கு வந்திருந்தால், 60 கிலோ மூட்டை 58.6 ஆகியிருக்கும். இப்போது இருக்கும் ஈரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். குறிப்பே இல்லையென்றால் ஆடிட்டர் மார்ச்சிலேயே கழிக்கச் சொல்லலாம், அல்லது தொகை சின்னது என்று தன் தாளில் குறித்துவிட்டு விடலாம். இதை நான் இங்கிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது.

கடிதங்கள் என்னாயிற்று?

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 20

14-இல் 9 பதில் வந்துவிட்டது. எட்டு சரி. மதுரை பார்ட்டி ஒருவர் மட்டும் வேறு தொகை எழுதியிருக்கிறார். எங்கள் கணக்கில் 18,64,500. அவர் 13,42,300 என்கிறார். 5,22,200 வித்தியாசம். முதலாளி கொதித்துப்போய் "அவனுக்கு இனி லோடு கிடையாது" என்கிறார். அவர் லெட்ஜரை வாங்கி ஒவ்வொரு வரியாக டிக் அடித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில்தான் வேறுபடுகிறது. மார்ச் 31 தேதி பில், 385 பை, 10,010 கிலோ, 4,80,480 ரூபாய். அது அவர் கணக்கில் ஏப்ரல் 2. அடுத்து, மார்ச் 12 லோடில் எடைக் குறைவு என்று 23,920-க்கு டெபிட் நோட். அது எங்கள் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் வந்து அங்கேயே தூங்கியிருக்கிறது. கடைசியில் 17,800 ரொக்கக் கழிவு என்று அவராகவே கழித்திருக்கிறார்.

டெல்டா வரி ஆலோசகர் – ஜூன் 20

பில் தேதி மார்ச் 31. ஆகவே மார்ச் விற்பனைதான். அதில் என்ன சந்தேகம்?

குடந்தை தணிக்கை – ஜூன் 21

பில் தேதியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. லாரி வாடகை யாருடையது? வழியில் மழையில் நனைந்தால் யார் தலையில்?

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 21

வாடகை நாங்கள்தான். நனைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார், போன வருடம் ஒரு லோடு அப்படி வந்தது. லாரி 31 ராத்திரி கிளம்பியது. 1-ஆம் தேதி அவர் குடோனில் கணக்கெடுப்பு என்று இறக்கவில்லை. இரண்டாம் தேதிதான் இறக்கினார்கள்.

குடந்தை தணிக்கை – ஜூன் 21

அப்படியானால் மார்ச் 31 நள்ளிரவில் அந்த அரிசி இன்னும் உங்களுடையது. விற்பனையிலிருந்தும் பாக்கியிலிருந்தும் 4,80,480-ஐ எடுத்துவிட்டு, அடக்க விலையில் இருப்பில் சேர்க்க வேண்டும். அடக்கம் கிலோ 43 என்றால் 4,30,430. மீதி 50,050 லாபம் அடுத்த வருடத்துக்குப் போகும். மார்ச் கடைசி வாரத்து பில்களையும் ஏப்ரல் முதல் வாரத்து இறக்கிய சீட்டுகளையும் ஆடிட்டர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், இது ஒரு பார்ட்டியோடு நிற்காது. நீங்களே முந்திக்கொண்டு பாருங்கள்.

டெபிட் நோட்டை எடைச் சீட்டோடு ஒப்பிட்டு, நியாயம் என்றால் மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: டேலியில் எடிட் லாக் ஓடிக்கொண்டிருக்கும். பழைய பில்லைத் திறந்து தொகையை மாற்றாதீர்கள். தனி ஜர்னலாக, காரணத்தோடு போடுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது பதிவில் நிற்கிறதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையிலேயே சொல்லியாக வேண்டும்.

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 22

எடைக் குறைவு நியாயம்தான், இரண்டு சீட்டும் அதையே சொல்கிறது. 17,800-ஐ முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. 15 நாளில் பணம் கொடுத்தால்தான் கழிவு, அவர் 40 நாளில் கொடுத்தார் என்கிறார். ஆகவே எங்கள் கணக்கில் இப்போது 13,60,100 நிற்கிறது. அந்த 17,800 மட்டும் தகராறு.

டெல்டா வரி ஆலோசகர் – ஜூன் 22

அதைத் தள்ளிவிட்டு முடியுங்கள். இந்தத் தொகைக்கு ஒரு வாடிக்கையாளரை யாராவது இழப்பார்களா?

மாயவரம் பாய்லர் – ஜூன் 22

இந்தத் தடவை தள்ளினால் அடுத்த லோடுக்கும் கழிப்பான் சார். அரிசி வியாபாரத்தில் பழக்கம்தான் ஒப்பந்தம்.

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 22

அது அவர்கள் பாடு. இன்னொரு கேள்வி வந்திருக்கிறது. முதலாளியின் மைத்துனர் டிசம்பரில் 5 லட்சம் கொடுத்தார், பேங்க் வழியாகத்தான். நான் "டைரக்டர் கடன்" தலைப்பில் எழுதியிருந்தேன். ஆடிட்டர் அதைப் பிரிக்கச் சொல்கிறார். குடும்பம்தானே?

டெல்டா வரி ஆலோசகர் – ஜூன் 22

டைரக்டரின் உறவினர் தரலாம். "கடன் வாங்கித் தரவில்லை, என் சொந்தப் பணம்" என்று ஒரு உறுதிமொழி வாங்கி வையுங்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

குடந்தை தணிக்கை – ஜூன் 22

அந்த உறுதிமொழி சரி. ஆனால் கம்பெனிச் சட்டத்தில் உறவினர் என்றால் ஒரு பட்டியல் இருக்கிறது. மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகன், மருமகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருக்கிறார்கள். மைத்துனர் இல்லை. நம் வீட்டில் தாய்மாமன் சீருக்கு முதலில் நிற்பவர் அந்தச் சட்டத்துக்கு அந்நியர். அவர் பங்குதாரராக இருந்தால் வேறு வழி இருக்கிறது, இல்லையென்றால் அது டெபாசிட் என்ற பேச்சு வரும். டி.பி.டி.-3 படிவத்துக்கு ஜூன் 30 கெடு. மார்ச் 31 அன்று நின்ற கடன்களெல்லாம் அதில் வர வேண்டும். இன்றைக்கே ஆடிட்டரிடமும், கம்பெனி செக்ரட்டரி யாராவது இருந்தால் அவரிடமும் பேசுங்கள். அவருக்குப் பங்கு இருக்கிறதா?

நெல்லுக்கணக்கு (மன்னார்குடி) – ஜூன் 23

பங்குப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை சார். பழைய ஆடிட்டரிடம் இருக்கலாம் என்கிறார் முதலாளி. மதியம் பஸ் ஏறிப் போய்க் கேட்கிறேன்.

உரக்கடை பாபநாசம் – ஜூன் 23

என் கிரெடிட் நோட்டுக்கு தனி இழை போட்டிருக்கிறேன், யாரும் வரவில்லை.